விடுமுறை நாளில் கிரெடிட் கார்டு பில் கட்டினால் எந்தத் தேதியில் கணக்காகும்? தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு

சம்பளம் ஒரு வங்கியில், கிரெடிட் கார்டு வேறொரு வங்கியில். தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் பலருக்கும் இதுதான் நிலைமை. சாதாரண வாரத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஈஸ்டர் மாதிரி நீண்ட விடுமுறை வந்தால்தான் சிக்கல். நான் டர்பனில் இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு வங்கி வேலைகளில் கூடமாட உதவுவது வழக்கம். கார்டு பில்லில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஊரில் யுபிஐ-யில் தட்டினால் நள்ளிரவிலும் பணம் போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஆப்பில் அனுப்பிவிட்டு, கட்டியாயிற்று என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

போன வருடங்களில் பார்த்த ஒரு தம்பியின் கதையையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். கார்டு பில் 8,400 ரேண்ட். கட்ட வேண்டிய கடைசித் தேதி 2025 ஏப்ரல் 21, திங்கள். அன்று ஈஸ்டருக்கு மறுநாள், குடும்ப தின விடுமுறை. தம்பி 17ஆம் தேதி வியாழன் இரவு ஏழு மணிக்குப் பணத்தை அனுப்பிவிட்டார். மறுநாள் புனித வெள்ளி. கூட்டத்தோடு கூட்டமாக இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டார். நான்கு நாள் கையில் இருக்கிறது என்பது அவர் கணக்கு. வங்கியின் கணக்கில் பணம் வந்தது 22ஆம் தேதி.

1. மூன்று தேதிகளைப் பிரித்துப் பாருங்கள்

நீங்கள் ஆப்பில் பொத்தானை அழுத்துவது முதல் தேதி. கார்டு கணக்கில் பணம் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது. பணம் வந்ததாகக் கார்டு வங்கி பதிவு செய்வது மூன்றாவது. வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் மூன்றாவது தேதியை வைத்துத்தான்.

தேசிய கடன் சட்டம் (2005ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம்) 126ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. கட்டிய பணத்தை, அது பெறப்பட்ட தேதியிட்டே கடன் கொடுத்தவர் வரவு வைக்க வேண்டும். முதலில் வட்டிக்கு, அடுத்து கட்டணங்களுக்கு, அப்புறம்தான் அசலுக்கு. இது நமக்குப் பாதுகாப்பு. வந்த பணத்தை வங்கி நாலு நாள் வைத்திருந்துவிட்டுப் பிறகு வரவு காட்ட முடியாது. ஆனால் சட்டம் சொல்வது 'பெறப்பட்ட' தேதியை. அனுப்பிய தேதியை அல்ல. பணம் வழியில் இருக்கும் நாட்கள் நம் பொறுப்பு.

அதனால்தான் பணம் அனுப்பியதும் ஆப் கொடுக்கும் ரசீதை வைத்து வாதாட முடிவதில்லை. உங்கள் வங்கிக்கு நீங்கள் உத்தரவு கொடுத்தீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. அடுத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அல்ல.

2. சாதாரண நாளிலேயே செய்து வைக்க வேண்டியவை

விடுமுறையில் வங்கிக் கிளை பூட்டியிருக்கும். போனில் ஆள் கிடைத்தாலும் சில வேலைகளை அவர்களால் அப்போது செய்ய முடியாது. ஆகவே இவற்றை ஒரு செவ்வாய், புதனில் முடித்துவிடுங்கள்.

முதலில் கார்டு கணக்கின் எண். சில வங்கிகளில் கார்டு மேலிருக்கும் 16 இலக்க எண்ணையே கணக்கு எண்ணாகப் போட வேண்டும். வேறு சிலவற்றில் கார்டுக்குத் தனிக் கணக்கு எண் இருக்கும். ஊகிக்க வேண்டாம். ஸ்டேட்மென்டில் பணம் கட்டும் விவரம் என்ற பகுதியில் இருப்பதை அப்படியே எடுங்கள். கார்டு எண்ணையே பயன்படுத்தும் வங்கி என்றால் ஒரு எச்சரிக்கை: கார்டு தொலைந்தோ காலாவதியாகியோ புதுக் கார்டு வந்தால் எண் மாறக்கூடும். ஆப்பில் சேமித்து வைத்த பெனிஃபிஷியரியில் பழைய எண்ணே இருக்கும். அப்படி அனுப்பிய பணம் நேராக வந்து சேராமல் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிடும். நீண்ட விடுமுறையில் தேட ஆளும் இருக்காது.

அடுத்து, சம்பள வங்கியின் ஆப்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு. புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்களுக்கு அது சிறியதாக இருக்கும். 8,400 கட்ட வேண்டியவரின் வரம்பு 5,000 ஆக இருந்தால் ஞாயிறு இரவு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். சாதாரண பணம் அனுப்பலுக்கும் உடனடிப் பணம் அனுப்பலுக்கும் வரம்பு தனித்தனியாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஒரு பத்து ரேண்டை உடனடி முறையில் கார்டுக்கு அனுப்பிப் பாருங்கள். எல்லாக் கார்டுக் கணக்கும் எல்லா உடனடி முறையையும் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம். பத்து ரேண்ட் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தத் தேதியில் பதிவாயிற்று என்பதைக் குறித்து வையுங்கள். பின்னால் அவசரம் வரும்போது இதுதான் கைகொடுக்கும்.

3. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஸ்டேட்மென்டில் `Payment due date` என்று இருக்கும். அந்த நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் வரை தானாகவே அவகாசம் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் கார்டு ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் சரி. எழுதியிருக்காவிட்டால் அவகாசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதி தேதிதான்.

வங்கிகளுக்கு இடையே சாதாரண இஎஃப்டி, அதாவது மின்னணுப் பணமாற்றம், வேலை நாளில்தான் நகரும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குப் பிறகு அனுப்பினால் அடுத்த வேலை நாளில் அனுப்பியதாகவே கணக்கு. சனிக்கிழமையை வேலை நாளாக எண்ண வேண்டாம். ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கிலேயே வராது. கட்-ஆஃபுக்கு முன் அனுப்பினாலும் எதிர் வங்கியில் தெரிவதற்கு ஒரு வேலை நாள் ஆகலாம், சில சமயம் இரண்டும் ஆகும்.

இப்போது எண்ணும் முறை. முதலில் கடைசித் தேதியையோ அதற்கு முன்னால் உள்ள நாட்களையோ பார்த்து, மிக அருகில் இருக்கும் வேலை நாளைக் கண்டுபிடியுங்கள். பணம் அன்றைக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு வேலை நாள் பின்னால் போங்கள். அதுதான் அனுப்ப வேண்டிய நாள்.

தம்பியின் பில்லுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கடைசித் தேதி 21 திங்கள், விடுமுறை. 20 ஞாயிறு. 19 சனி. 18 புனித வெள்ளி. ஆக, அருகில் உள்ள வேலை நாள் 17 வியாழன். பணம் வியாழனே வந்து சேர வேண்டும். இரண்டு நாள் பின்னால் போனால் 15 செவ்வாய். அன்று கட்-ஆஃபுக்கு முன் அனுப்பியிருந்தால் கவலையே இல்லை. 16 புதன் அனுப்பியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

தம்பி எண்ணியது 21இலிருந்து. 'வியாழன் அனுப்பினால் திங்களுக்கு நாலு நாள் இருக்கிறதே அண்ணா' என்றார். அந்த நாலு நாளில் வேலை நாள் ஒன்றுகூட இல்லை. அவர் இரவு ஏழு மணிக்கு அனுப்பியது கட்-ஆஃபைத் தாண்டியதால் அடுத்த வேலை நாளான 22 செவ்வாய்க்குப் போய்விட்டது. அன்றே பதிவானதும் ஒரு வகையில் அதிர்ஷ்டம்தான். 23க்கும் போயிருக்கலாம்.

விடுமுறைகளைப் பற்றி இரண்டு விஷயம். இங்கே பொது விடுமுறை ஞாயிறன்று வந்தால் மறுநாள் திங்களும் விடுமுறை. சனியன்று வந்தால் அப்படி எதுவும் கிடையாது. 2025இல் ஏப்ரல் 27, சுதந்திர தினம், ஞாயிறாக வந்ததால் 28 திங்கள் விடுமுறை ஆயிற்று. அந்த வாரமே மே 1 வியாழன். புனித வெள்ளியில் தொடங்கி மே 1 வரையிலான பதினான்கு நாளில் வங்கி வேலை நாள் ஆறே ஆறுதான். மாதக் கடைசியில் கடைசித் தேதி உள்ளவர்கள் ஏப்ரல் மாதத்தை எப்போதும் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று: தீபாவளி இங்கே பொது விடுமுறை அல்ல. நாம் லீவு போட்டாலும் வங்கி திறந்திருக்கும், கடைசித் தேதியும் ஓடிக்கொண்டிருக்கும்.

4. எந்த வழியில் அனுப்புவது

சம்பளமும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. கணக்கு மாற்றம் அந்த வங்கிக்குள்ளேயே நடப்பதால் விடுமுறையிலும் உடனே தெரியும். ஆனாலும் பரிவர்த்தனை தேதி, பதிவுத் தேதி என இரண்டு தேதிகள் காட்டும் வங்கிகள் உண்டு. ஞாயிறு மாற்றியது செவ்வாய்ப் பதிவாகத் தெரியலாம். எதை வைத்துத் தாமதத்தைக் கணக்கிடுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

வேறு வங்கி என்றால் மூன்று வழி. சாதாரண இஎஃப்டி மலிவு அல்லது இலவசம், வேகம் குறைவு. அடுத்தது உடனடி இஎஃப்டி. ஆப்பில் பணம் அனுப்பும் திரையில் `Immediate payment` என்றோ அதைப் போன்ற பெயரிலோ தேர்வு செய்யும் பெட்டி இருக்கும். அதைத் தொடாமல் விட்டால் சாதாரண வழியில்தான் போகும். தம்பியும் அதைக் கவனிக்கவில்லை. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. எனவே எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள்.

மூன்றாவது பேஷாப். 2023 மார்ச்சில் வந்தது. நம் யுபிஐ-க்கு இங்கே மிக நெருக்கமான உறவினர் இதுதான். வாரம் முழுக்க, நாள் முழுக்க இயங்கும். ஆனால் ஒரு முறைக்கு எவ்வளவு என்ற வரம்பை உங்கள் வங்கி தன் போக்கில் குறைத்து வைத்திருக்கலாம். கார்டுக் கணக்கை அது ஏற்கிறதா என்பதையும் பத்து ரேண்ட் சோதனைதான் சொல்லும்.

காசோலை பற்றி வயதானவர்கள் இன்னும் கேட்கிறார்கள். 2020 இறுதியோடு இந்த நாட்டு வங்கிகள் காசோலையை நிறுத்திவிட்டன.

5. டெபிட் ஆர்டர் போட்டிருப்பவர்களுக்கு

டெபிட் ஆர்டர் இருந்தால் வங்கியே எடுத்துக்கொள்ளும், கவலை இல்லை என்பது ஓரளவுதான் உண்மை. எடுக்கும் நாள் ஞாயிறாகவோ விடுமுறையாகவோ இருந்தால் முந்தைய வேலை நாளில் எடுப்பார்களா, அடுத்ததில் எடுப்பார்களா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதலில் இருக்கும். முந்தைய நாள் என்றால் சம்பளம் வருவதற்குள் எடுக்க முயன்று, பணம் இல்லாமல் திரும்பிவிடும். அதற்கும் கட்டணம்.

அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. டெபிட் ஆர்டரைக் குறைந்தபட்சத் தொகைக்கு அமைத்திருப்பார்கள். தாமதக் கட்டணம் வராது, ஆனால் மீதித் தொகைக்கு வட்டி ஓடும். முழுத் தொகைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

விடுமுறையை நினைத்துப் பயந்து கையாலும் கட்டிவிட்டு, டெபிட் ஆர்டரும் ஓடினால் இரண்டு முறை பணம் போகும். வசூல் பட்டியல் முன்கூட்டியே தயாராகிவிடுவதால் கடைசி நேரத்தில் நிறுத்துவது கடினம். அதிகமாகப் போன பணம் கார்டில் வரவாக நிற்கும், தொலையாது. ஆனால் மாதத் தொடக்கத்தில் வாடகைக்கு வைத்த பணம் அதுவாக இருந்தால் வலிக்கும்.

6. விடுமுறை தொடங்கிவிட்டது, இன்னும் கட்டவில்லை

வெள்ளி காலை இது நினைவுக்கு வந்தால் இந்த வரிசையில் முயலுங்கள். கார்டு வங்கியிலேயே உங்களுக்குச் சேமிப்புக் கணக்கு இருந்து அதில் பணமும் இருந்தால் அங்கிருந்து மாற்றுங்கள். இல்லையென்றால் உடனடி இஎஃப்டி அல்லது பேஷாப். வரம்பு தடுத்தால் குறைந்தபட்சத் தொகையையாவது அதில் அனுப்புங்கள். மீதியைச் சாதாரண வழியில் அனுப்பலாம். குறைந்தபட்சம் நேரத்துக்குப் போனால் தவணை தவறியதாகாது, வட்டி மட்டும் வரும்.

ஆப் எதுவும் கைகொடுக்காவிட்டால் கார்டு வங்கியின் பணம் போடும் ஏடிஎம். கார்டுக் கணக்கில் பணம் செலுத்த அந்த இயந்திரம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு நோட்டைப் போடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெயிலில் வைத்தால் ஒரு வாரத்தில் எழுத்து மங்கிவிடும், உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண இஎஃப்டியை வெள்ளி அனுப்பினாலும் ஞாயிறு அனுப்பினாலும் ஒன்றுதான். இரண்டும் செவ்வாய்தான் கிளம்பும்.

7. அனுப்பிய பிறகு பார்க்க வேண்டியது

கார்டு வங்கியின் ஆப்பைத் திறந்து வரவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அனுப்பிய வங்கியின் ரசீதைவிட இதற்குத்தான் மதிப்பு. கார்டில் செலவழிக்கக்கூடிய தொகை கூடியிருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். பரிவர்த்தனைப் பட்டியலில் வரவு வரி இருக்கிறதா, அது இன்னும் நிலுவையில் என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த ஸ்டேட்மென்ட் வந்ததும் அதே வரியைத் தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் 19ஆம் தேதி தெரிந்த பணம் ஸ்டேட்மென்டில் 22 என்று இருந்து, வட்டியும் போட்டிருந்தால் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

8. ஒரு நாள் தாமதத்தின் விலை, அதைக் கேட்கும் முறை

ஒரு நாள் தாமதம் என்றால் ஒரு நாள் வட்டி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழு பில்லையும் நேரத்துக்குக் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம், அதாவது இங்கே வழக்கமாகச் சொல்லும் 55 நாள் வரை. தவறினால் பல கார்டுகளில் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

தம்பி மார்ச் 1 அன்று 6,000 ரேண்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார். ஆண்டு வட்டி 20 சதவீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 3 ரேண்ட் 29 சென்ட். மார்ச் 1 முதல் ஏப்ரல் 22 வரை 52 நாள். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் சுமார் 171 ரேண்ட். பில்லில் இருந்த மற்ற பொருள்களுக்கு அவை வாங்கிய நாளைப் பொறுத்துத் தனி, தாமதக் கட்டணம் தனி. உடனடி முறைக்குக் கட்டணம் கேட்கிறார்களே என்று யோசிப்பவர்கள் இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேட்பதானால் முதலில் கார்டு வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்துக் குறிப்பு எண் வாங்குங்கள். பணம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, வட்டி எந்தத் தேதியிலிருந்து போடப்பட்டது என்ற இரண்டே கேள்விகள் போதும். ஸ்கிரீன்ஷாட்டையும் 126ஆம் பிரிவையும் சேர்த்துவிடுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நிதி குறைதீர் அமைப்பான என்எஃப்ஓ-வுக்குப் போகலாம். 2024 மார்ச் முதல் வங்கிப் புகார்களும் அங்கேதான். இலவசம். ஆனால் வங்கியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தம்பியும் என்னிடம் வந்து 'புகார் எழுதலாமா' என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து தேதிகளைப் பார்த்தோம். பணம் 22ஆம் தேதிதான் வந்திருந்தது, வங்கியும் 22 என்றே போட்டிருந்தது. வாதிட ஒன்றும் இல்லை. அதனால் புகாராக எழுதாமல், முதல் முறை என்பதால் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி வேண்டுகோளாக எழுதினோம். பத்து நாளில் கட்டணம் திரும்பி வந்தது, வட்டி வரவில்லை. அடுத்த மாதம் அவர் சம்பளத்தையே கார்டு வங்கிக்கு மாற்றிக்கொண்டார்.